எட்டு ஓம் ஸ்பீக்கரில் அருவி

கல்லூரி லேபில் நானும் தோழியும் காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கட்டினோம். கணக்குப்படி அந்த ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்று மின்னழுத்தத்தை நூற்றைம்பது மடங்கு பெருக்கும். அவள் குற்றால அருவியின் இரைச்சலைப் போனில் பதிந்து வந்திருந்தாள். போனை உள்ளீட்டில் கொடுத்து, வெளியீட்டில் சின்ன ஸ்பீக்கரை மாட்டினோம். மூச்சே இல்லை.

"ஏட்டி, டிரான்சிஸ்டர் செத்துப்போச்சு," என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. சுற்றைக் கணக்கிட உதவும் ஸ்மால் சிக்னல் மாதிரிப் படத்தை மறுபடி வரைந்தேன். உள்ளீட்டு மின்தடை இரண்டு கிலோஓம். போனுக்கு அது பாரமில்லை. வெளியீட்டு மின்தடை நான்கு கிலோஓம். அதற்கு இணையாக எட்டு ஓம் ஸ்பீக்கரை வரைந்ததுமே சிரித்துவிட்டேன். இத்தனை சின்ன மின்தடையை மாட்டினால் பெருக்கம் ஒன்றுகூட இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்குதான். கொடுத்ததையும் விழுங்குகிற ஆம்ப்ளிஃபயர்!

உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைப் பிடுங்கி வந்தோம். அதன் உள்ளீட்டு மின்தடை பல பத்துக் கிலோஓம். எங்கள் சுற்றை அது இழுத்துப் பிடிக்காது. போனின் ஒலியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு மாட்டினோம். அருவி லேபுக்குள் கொட்டியது. ஒலி பிசிறியிருந்தாலும் அந்த இரைச்சலில் யாருக்குத் தெரியும்?

அடுத்த அறையிலிருந்து மேடம் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவரோ சேலைத் தலைப்பை உதறினார்.

"இன்னும் கொஞ்சம் பெருக்கியிருந்தீயன்னா நனைஞ்சிருப்பேன்!"