அத்தான் குத்த வைத்த முத்திரைகள்

பெருமாள்மலையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த என்னை, அக்காள் கணவர்தான் மலேசியாவில் இருந்த தன் கடைக்குக் கூட்டிப் போனார். சுற்றுலாப் பயணி என்று சொல்லித்தான் நுழைந்தேன். வேலை செய்ய அனுமதி கிடையாது.

"பர்மிட் வந்துக்கிட்டே இருக்கு மாப்ள" என்பார் அத்தான். தங்கும் காலம் முடியும் முன், மாதாமாதம் தாய்லாந்து எல்லையில் காரில் இறக்கி விடுவார். அந்தப் பக்கம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். புது முத்திரையில் இன்னொரு மாதம் கிடைக்கும்.

கடைசித் தடவை திரும்பும்போது மலேசியப் பக்கம் இருந்த அதிகாரி தமிழர். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பக்கமெல்லாம் அதே எல்லை வாசலில் போன அன்றே திரும்பிய முத்திரை. ரேகை எடுக்கும் கருவியில் என் விரல் பதியவில்லை. பரோட்டாக் கல்லில் சுட்டுத் தேய்ந்த விரல்.

"ஊர் சுத்த வந்தவன் விரலா இது? எந்தக் கடையில வேலை?"

அத்தானின் போன் நம்பரைக் கொடுத்தேன். அதிகாரி கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க" என்றார் அத்தான்.

"உள்ள வேலை செய்யும்போது மாட்டியிருந்தா ஜெயிலு. திரும்பிப் போ" என்ற அதிகாரி, நுழைவு மறுத்து முத்திரை குத்தினார். இனி அந்த நாட்டுக்குள் போவது கஷ்டம்.

மறுபடி பெருமாள்மலையில்தான் பரோட்டா போடுகிறேன். போன பொங்கலுக்கு அத்தான் வந்தார். அக்காள் முகத்துக்காக அவருக்கும் இலை போட்டேன்.