மூட்டைக்கு இருநூறு தட்டு

குண்டூரில் கோச்சிங் படிக்கும் பிள்ளைகளுக்காக நான் நடத்தும் மெஸ்ஸில் பதினோரு வருடம் சோறு வடித்தவர் மாணிக்யம்மா. தினம் ஒரு மூட்டை; இருபத்தாறு கிலோ அவர் கையில் சரியாக இருநூறு தட்டு ஆகும். வேலை முடிந்ததும் கணவருக்காக ஒரு கேரியரில் சோறு எடுத்துப்போவார். அது நானே சொன்ன ஏற்பாடுதான்.

போன தை மாதம் எனக்குப் புத்தி கெட்டது. ஒரு வருடம் பழசான அரிசி மூட்டை ஆயிரத்து நானூற்றைம்பது. புது அறுவடை ஆயிரத்து இருநூற்றைம்பது. மூட்டைக்கு இருநூறு ரூபாய் மிச்சம் என்று குதித்துக்கொண்டு புதுசை இறக்கினேன்.

மாணிக்யம்மா ஒரு பிடியை அள்ளி முகர்ந்து பார்த்தார். "மூட்டை விலைய பாக்காத தம்பி, பானைய பாரு. புது அரிசி தண்ணி குடிக்காது, பொங்காது."

வேலை செய்ய அலுப்பு, அதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன்.

முதல் நாளே முப்பத்தைந்து பேருக்குச் சோறு இல்லை. மறுநாளும் அப்படியே. பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கத்தினார்கள். என் கண் அந்தக் கேரியர்மேல் போய் நின்றது. மூன்றாம் நாள், கை கழுவ வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு நடுவே அவரை நிறுத்தினேன்.

"கேரியர தெறங்கக்கா."

திறந்தார். மூன்று அடுக்கிலும் வடித்த கஞ்சி. சோறு பத்தாமல் போன நாளிலிருந்து அவர் ஒரு பருக்கைகூட எடுக்கவில்லை. மூடியை மூடினார், போனார். மறுநாள் வரவில்லை.

புதிதாக வந்த சமையல்காரருக்கும் முப்பத்தைந்து தட்டு குறைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு அரிசியிலும் ஒவ்வொரு கிலோ வடித்து, சோற்றைக் கரண்டியால் அளந்தேன். பழசு எட்டுத் தட்டுக்குச் சற்றுக் குறைவு, புதுசு ஆறரைக்கும் குறைவு. தட்டுக்குப் பழசு ஏழே கால் ரூபாய், புதுசு ஏழு ரூபாய் ஐம்பத்தெட்டு பைசா. மலிவு என்று வாங்கியதுதான் அதிக விலை. அதற்கு நான் ஒரு நல்ல மனுஷியைத் திருடியாக்கியிருந்தேன்.

ஊருக்குள்ளேயே அரண்டல்பேட்டையில் வேறொரு மெஸ்ஸில் மாணிக்யம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சாப்பிடுகிறவன் போலப் போய் உட்கார்ந்தேன். அவரே பரிமாறினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் கரண்டியை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா தம்பி? இங்க பழைய அரிசி."

போதும் என்று எழுந்தேன். வேலை முடிந்து அவரும் கிளம்பினார். வாசலில் அந்த மெஸ் முதலாளி ஏதோ போனில் பேசிக்கொண்டிருந்தார், இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாணிக்யம்மா தானாகவே நின்று, கேரியரைத் திறந்து அவரிடம் காட்டிவிட்டுப் போனார்.