சொர்ணலதாவின் ஜூன் வாடகை

சொர்ணலதாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நஞ்சன்கூட்டில் தையல் ஆலையில் வேலை. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை என்று தானே சொல்லிக்கொள்வாள், அது உண்மையும்தான்.

அதனால்தான் கீழ்வீட்டு மல்லம்மா, வீட்டுக்காரி, ஜூலை நடுவில் ஒரு நாள் குழாயடியில் வைத்து, "ஜூன் பாடிகெ பரலில்ல கணம்மா" என்றதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாடகை வரலைங்களா? அஞ்சாந்தேதியே பேங்கு போட்டுருச்சுங்க! ரெண்டு தடவை வாங்கப் பாக்கறீங்களா?"

நாலு குடித்தனமும் கேட்டது. மல்லம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள், "வேற வீடு பார்த்துக்கோ" என்று சொல்லி அனுப்பினாள்.

சொர்ணலதா அரைநாள் லீவு போட்டு வங்கிக்குப் போனாள். வாடகையைத் தானாக அனுப்பும் ஏற்பாட்டை அங்கேதான் எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரி நிர்மலா கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"தொகை ஆறாயிரத்து ஐந்நூறு, சரி. ஆரம்பிச்சது போன வருஷம் ஏப்ரல் அஞ்சு, அதுவும் சரி. ஆனா ஜூன் அஞ்சும் ஆறும் ரெண்டு தடவை முயற்சி பண்ணியிருக்கு; பணம் இல்ல. அப்புறம் விட்டுருச்சு. அபராதம் இருநூத்தைம்பது, வரியோட இருநூத்துத் தொண்ணூத்தஞ்சு."

"மெசேஜ் வந்துச்சுங்க மேடம்!"

"போகலைன்னு வந்த மெசேஜ்தான் அது."

ஆங்கிலத்தில் வங்கியின் பெயரைப் பார்த்ததுமே காலண்டரில் டிக் அடித்திருந்தாள். ஆலையில் முப்பதாம் தேதி போட்ட சம்பளம், மே மாதச் சம்பளத்திலிருந்து அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குத் தள்ளிப்போனது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப ஜூலைக்கு மட்டும் எப்படிங்க போச்சு?"

"ஜூன் ஏழாந்தேதி வந்த சம்பளத்துல, வாடகை போகாம நின்ன பணத்துல."

இப்போது கணக்கில் இருப்பதை ஜூனுக்குக் கட்டினால் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வாடகைக்குப் பணம் இல்லாமல் மறுபடி அபராதம் விழும் என்றாள் நிர்மலா. தேதியைப் பத்துக்கு மாற்றி, கையெழுத்து வாங்கி, ஜூன் வாடகையை அங்கேயே அனுப்பிவைத்தாள். அபராதம் திரும்பாது. ஆனால் சொர்ணலதாவைக் குடைந்தது அந்தப் பணமில்லை. குழாயடியில் கொட்டிய வார்த்தை.

ஊரறியத் திட்டியதை வீட்டுக்குள் போய் மன்னிப்புக் கேட்டால் ஆகாது. மாலையில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரமாகப் பார்த்து நின்றாள். "அக்கா, தப்பு என்னோடதுங்க. வாடகை போகவே இல்ல. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

மல்லம்மா நிறைந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். பிறகு, "வீடு பார்க்க வேணாம்" என்றாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி மெசேஜ் வந்தது. இந்தத் தடவை முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்படியும் கீழே இறங்கிப் போனாள்.

"அக்கா, வாடகை போயிருச்சுன்னு மெசேஜ் வந்துருக்குங்க. பாஸ்புக்கைப் பார்த்துச் சொல்லுங்க."

"பாஸ்புக் யாகே? எதுக்கு அதெல்லாம்?" என்றாள் மல்லம்மா, கீரையை ஆய்ந்தபடி. "நீ சொல்றியே, வந்திருக்கும்."