மூடி திறந்தபோது வந்த வாடை

பிள்ளைகளா, உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மெதுவாகப் படியுங்கள். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்றுக்கு இது பதில்.

கிறிஸ்துமஸ் கேக் நம் வீட்டில் உங்கள் அம்மாவின் பொறுப்பு. செப்டம்பர் கடைசியில் திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் பொடியாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை ரம் ஊற்றிப் பரணில் வைப்பாள். வாரம் ஒருமுறை காய்ந்த கரண்டியால் கிளறுவாள். நவம்பர் கடைசியில் நம் சந்து பேக்கரியில் கேக்கைச் சுட்டு வாங்கி, பட்டர் பேப்பரில் சுற்றி டின்னில் அடைப்பாள். ஞாயிறுதோறும் குச்சியால் குத்தி இரண்டு ஸ்பூன் ரம் விடுவாள். கேக் குடித்தது இரண்டு ஸ்பூன். மிச்சத்தைக் குடித்தது நான். கடைசி வருஷங்களில் பாட்டில் லேபிளில் ரம் நிற்கிற மட்டத்துக்கு அவள் பேனாவால் கோடு போட்டு வைத்தாள். அதையும் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன்.

பிறகு ஒரு லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், குடியை விட்டேன். நோன்பு முடிந்து ஈஸ்டர் வந்தபோதும் தொடவில்லை. அந்த வருஷம் அவளிடம் சொன்னேன்: "இந்தத் தடவ நான் ஊறப் போடுதேன். ரம் வேண்டாம். ஆரஞ்சு ஜூஸ்."

அவள் என்னைப் பார்த்தாள். "செய்யுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை மாதம் பல்லைக் கடித்தேன் என்று பட்டது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் ஆரஞ்சு வாங்கிப் பிழிந்தேன். நீங்கள் இருவரும் பேரீச்சைக் கொட்டை எடுத்துத் தந்தீர்கள். மற்றதெல்லாம் அம்மா செய்கிறபடியே செய்தேன். அதே ஜாடி, அதே பரண், அதே இரண்டு மாதம். தகரக் கூரைக்குக் கீழே அக்டோபர் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் சில நாட்கள் கிளறினேன். பிறகு லெதர் கடையில் ஓவர்டைம் வந்தது. மறந்துவிட்டேன்.

கேக் சுடுகிற அன்று உங்கள் மாமா வந்திருந்தான். அம்மா ஜாடியை இறக்கி மூடியைத் திருகினாள். டப் என்று சத்தம். நுரை பொங்கி அவள் கையில் வழிந்தது. வீடு முழுக்கச் சாராய வாடை.

மாமா சிரித்தான். "என்ன அத்தான், ஜூஸ்லயே கிக் ஏத்திப்புட்டியளே! நமக்கும் அந்த வித்தையச் சொல்லித் தாங்க."

"சத்தியமா நான் ஒண்ணும் ஊத்தல" என்றேன்.

"மறுபடியும் எப்ப இருந்து?" என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான். பெரியவளே, நீ கிட்டே வந்து என் சட்டைப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தாய். உனக்கு அப்போது பதினொரு வயது. உன் மேல் குறையில்லை. எத்தனையோ ராத்திரி அப்படி மோந்துதான் நீ கதவைத் திறந்திருக்கிறாய்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு பேக்கரி பாயிடம் போனேன். நம் ஊர்ப் பக்கத்து மனிதர். மூடியருகே குனிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தன நாளுய்யா வச்சீரு?"

"ரெண்டு மாசம், பாய்."

"அட பாகல், முட்டாள் மனுஷா! ரம்முன்னா கெடாது, வருஷக்கணக்கா நிக்கும். ஜூஸ வெளிய வச்சா அதுவே புளிச்சிச் சாராயம் ஆயிரும். சக்கரையும் சூடும் போதும்லா? ஜூஸுக்கு ஒரு ராத்திரி, அதுவும் ஃப்ரிட்ஜுல. கேக்கையும் ரொம்ப நாள் வைக்கப்படாது, நாலு நாளுல தின்னு தீத்துரணும். இத என் அடுப்புகிட்டக் கொண்டாராதேயும்."

எனக்குச் சந்தோஷம். நான் முட்டாள்தான், குடிகாரனில்லை. ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சரி" என்றாள். மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். உங்கள் மாமா, "பாய் நல்லாத்தான் வக்காலத்து வாங்குதாரு" என்றான். அந்த வருஷம் கடையில் வாங்கிய கேக்கைத்தான் வெட்டினோம். நான் ஊறப் போடட்டுமா என்று அதன் பிறகு நானும் கேட்கவில்லை, அவளும் போடச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒன்று செய்தேன். உங்களுக்குத் தெரியாது. சின்ன பாட்டிலில் ஒரு பிடி திராட்சை போட்டு, ஆரஞ்சு பிழிந்து, பரணில் ஒளித்து வைத்தேன். அது தானாகவே புளிப்பதை உங்களுக்கெல்லாம் முன்னால் திறந்து காட்டலாம் என்று எண்ணம்.

பத்து நாள் கழித்து, நீங்கள் பள்ளிக்கூடத்திலும் அம்மா வேலையிலும் இருந்த பகலில், முதலில் நானே சோதித்துப் பார்க்க அதை இறக்கினேன். மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்றது. அதே வாடை. கையில் சாட்சி இருந்தது. அப்போதுதான் உறைத்தது: நீங்கள் கதவைத் திறந்தால் பார்க்கப்போவது, பரணில் ஒளித்த பாட்டிலோடு நிற்கிற அப்பனைத்தான்.

பாத்திரம் கழுவுகிற மோரியில் கொட்டினேன். திராட்சை தண்ணீர் போகும் துளையை அடைத்துக்கொண்டது, விரலால் தள்ளிவிட்டேன். பாட்டிலைப் பழைய பேப்பரில் சுற்றிச் சந்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். மூன்றாம் தரமும் கழுவினேன்.