துக்கம் கேட்க வந்தவர்களும் புவனா அண்ணியும்

ஆண்டாயி இறந்த வீட்டில் முதல் இரண்டு நாளும் வந்த பெண்கள் எல்லாரும் மருமகளைத்தான் முதலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். மகள் தமிழ்மொழி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முறை இரண்டாவதாகத்தான் வந்தது.

அது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற மகள் இருக்கும்போது மருமகளிடம் என்ன துக்கம் கேட்பது? மொழி ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அளவில் ஒரு நூல் பிசகினாலும் எடுத்துத் தனியே வைத்துவிடுகிற கை. அதே கண்ணோடு அண்ணி என்னதான் செய்கிறாள் என்று கவனித்தாள்.

அண்ணி புவனேஸ்வரிக்குச் சொந்த ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். கல்யாணமாகி ரஞ்சன்குடி ரோட்டோரத்து இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷம். பகலில் வெங்காயக் கொட்டகையில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கப் போவாள். பத்தாவது தாண்டாதவள். தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ள அவளைத்தான் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

அவள் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. வாசலில் ஆள் தெரிந்ததும் இடத்தைவிட்டுப் பாதி எழுந்து இரண்டு கைகளையும் நீட்டுவாள். வந்தவள் தோளில் சாய்ந்து அழுது முடிக்கிறவரை அசைய மாட்டாள். முதலில் தானாகக் கையை எடுக்கவும் மாட்டாள். அழுகை தணிந்த பிறகு ஒரு வரி. அந்த வரியில் செத்தவளை வந்தவளின் உறவாகத்தான் சொல்வாள்.

"உங்க நாத்தனார் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க."

அடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "உன் கூட களையெடுத்தவங்க போயிட்டாங்களேடி."

தன்னுடைய அத்தை என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் வைப்பாள், குடியுங்கள் என்று சொல்ல மாட்டாள். டீயும் அப்படித்தான், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்திருப்பார்கள். புவனா வாசல் வரை போகாமல் தலையை மட்டும் அசைப்பாள்.

நாலாம் நாள் காலையில் மொழி கதவோரத்துப் பாயில் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது?

முதல் ஆளுக்கே "வாங்க, வாங்க" என்றாள். இரண்டாவது ஆள் என்ன ஆச்சு என்று கேட்டதும் கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது, ஆக்ஸிஜன் எவ்வளவுக்கு இறங்கியது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததை வரிசையாகச் சொன்னாள். கேட்டவள் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு விழித்தாள். அவள் கிளம்பும்போது மொழி தன்னை அறியாமல், "போயிட்டு வாங்க" என்றாள்.

அந்தப் பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "எதுக்கு ஆயி? இன்னொரு எழவுக்கா?"

புவனா எழுந்து வந்து அவள் முழங்கையைத் தொட்டாள். "பச்சைப் புள்ள மாதிரி இருக்கா அக்கா. தாயைப் பறிகுடுத்தவ. வாயில என்ன வருதுன்னே தெரியல."

அந்தப் பெண் திரும்பி வந்து மொழியின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். தப்பு சரியாகிவிட்டது. அண்ணி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மொழிக்கு.

ஆனால் மொழியிடமும் ஒன்று இருந்தது. எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் புவனா ஒரே மாதிரிதான் சொன்னாள். "விடியக்காலம். மூச்சு வாங்குச்சு. 'மொழி, மொழி'ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. அவ்வளவுதான்." அதைக் கேட்கும்போதெல்லாம், அந்த நேரத்தில் ஊரில் இல்லாத மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் குளிப்பாட்டியது அண்ணியாக இருக்கட்டும், கஞ்சி ஊட்டியதும் அவளாகவே இருக்கட்டும். கடைசியில் அம்மா வாயில் வந்தது யார் பேர்?

செவ்வாயும் வெள்ளியும் துக்கம் கேட்க அவ்வளவாக யாரும் வருவதில்லை. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. வீடு வெறிச்சென்று இருந்தது. அண்ணன் ராஜவேல் கூடத்து பல்பைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானே எரிஞ்சுது. ஏன் மாத்துற?" என்றாள் மொழி.

"எனக்கு இதப் பார்க்க முடியல. அம்மா கடைசியா 'புவனா, லைட்டப் போடு, புவனா'ன்னாங்க. லைட்டு எரிஞ்சிகிட்டேதான் இருந்துச்சு."

"என் பேரச் சொல்லலையா?"

ராஜவேல் ஸ்டூலிலிருந்து இறங்கினான். பழைய பல்பைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான்.

மொழி நேரே பின்கட்டுக்குப் போனாள். புவனா சாமான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?"

எந்தப் பொய் என்று புவனா கேட்கவில்லை. "நீ பக்கத்துல உக்காந்திருக்க. மருமவ பேரச் சொல்லிட்டுச் செத்தாங்கன்னா வந்தவங்க உன்னைய எப்படிப் பார்ப்பாங்க? துக்க வீட்ல மவளக் கீழ எறக்கக் கூடாது."

"எனக்கு உங்க பிச்சை வேணாம்."

"சரி, இனிமே சொல்லல." புவனா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "உள்ள போ. யாராச்சும் வந்தா கதவுகிட்ட ஆள் வேணும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது மொழியை இன்னும் எரித்தது. ஆறு நாளாக நெஞ்சோடு வைத்திருந்ததும் அண்ணி எடுத்துக் கொடுத்ததுதான். தன்னுடையதென்று இனி என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை என்று பார்க்காமல் அன்று மத்தியானமே செல்வம்மாள் சித்தி வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. அம்மா பிறந்த கீழப்பழுவூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். கண் ஆபரேஷன் செய்திருந்ததால் சாவுக்கு வர முடியவில்லை, கறுப்புக் கண்ணாடி இன்னும் கழற்றவில்லை. அம்மா முகம் அப்படியே இருக்கிற ஆள் இனி இவள் ஒருத்திதான். இவளாவது முதலில் தன்னிடம் வர வேண்டும் என்று மொழிக்கு இருந்தது.

மொழி வாய் திறக்கவில்லை. பாதி எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். சித்தி நேரே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என் அக்கா பெத்த மவளே" என்று தோளில் முகத்தை வைத்து அழுதாள். மொழி கையை எடுக்கவில்லை. ஆறு நாளில் முதல் தடவையாக எல்லாம் சரியாக நடந்தது. புவனா ஈரக்கையோடு உள்ளே வந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"கடைசியா என்னடி சொன்னா எங்கக்கா?" என்று கேட்டாள் சித்தி. "உன்னையத்தான் கூப்பிட்டாளாம். ஃபோன்ல சொன்னாங்க."

மொழி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். சித்தியின் கை இப்படியே தோளில் கிடக்கும்.

"இல்ல சித்தி. அண்ணியத்தான் கூப்பிட்டாங்க. 'புவனா, லைட்டப் போடு, புவனா'ன்னு. ரெண்டு தடவையும் அவங்க பேருதான்."

சித்தி கையை எடுத்துக்கொண்டாள். சுவரைத் தடவிக்கொண்டே எழுந்து புவனாவிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உங்கக்கா..." என்று தொடங்கிய புவனாவுக்கு வரி முடியவில்லை. "எங்க அத்த" என்றாள். இந்த ஆறு நாளில் தனக்கென்று அழாதவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மொழிக்கு அதைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது. தோளில் சித்தியின் கண்ணீர் ஈரம் காயவில்லை. தனக்கு அந்த மாதிரி அழுகை இன்னும் வரவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. சித்தியோடு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த யாரோ ஒருத்தி. அண்ணியால் இப்போது எழ முடியாது. மொழி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

"உங்க ஊர்க்காரங்க போயிட்டாங்க அக்கா" என்று வந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் புவனாவைக் காட்டி யாரென்று சைகையில் கேட்டாள்.

"மருமவ. அவங்கதான் பார்த்துகிட்டாங்க" என்றாள் மொழி.