எனக்க செவி கேக்காததை ஆரு பறைஞ்சா?

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் பல பிரிவுகள் நடைமுறைக்கு வர அவகாசம் இருந்தாலும், எங்கள் நிர்வாகம் முன்கூட்டியே தயாராக நினைத்து, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. நோயாளிகள் தங்கள் தகவல் பற்றி எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை. குளச்சலில் இருந்து அந்த அக்கா வரும்வரை.

துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கோபமாக வரவில்லை. ஒரு விஷயம் புரியவில்லை, அதைத் தெரிந்துகொண்டு போகலாம் என்பதுபோல என் எதிரே உட்கார்ந்து, பிள்ளையைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டார்.

"மக்களே, எனக்க வலது செவி கேக்காததை ஆரு பறைஞ்சா?"

காது கேட்கும் கருவி விற்கும் கடையிலிருந்து அவருக்கு போன் வந்திருக்கிறது. அதை மகன் எடுத்துவிட்டான். "உங்க அம்மைக்கு ஒரு காது மந்தம், தள்ளுபடியில மிஷின் தாறோம்" என்றிருக்கிறார்கள். வீட்டில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. இனி ஏலத்துக்குப் போகவேண்டாம் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான்.

"ஏலக்காரன் எனக்கு இடது பக்கம் வாற மாதிரி நிப்பேன். இத்தன வருசமா ஒருத்தனும் கண்டுபிடிக்கல்ல. இவனுவளுக்கு எப்பிடித் தெரிஞ்சு?"

யார் சொன்னது? எனக்கும் அதே கேள்விதான். அவர் எங்களிடம் ஒரே ஒருமுறைதான் பரிசோதனைக்கு வந்திருந்தார், கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்திய இலவச முகாமில். அன்று அவர் கையெழுத்திட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். காதுப் பரிசோதனைக்கும், அதன் தொடர்பாக மருத்துவமனை கூப்பிடுவதற்கும் சம்மதம் என்றிருந்தது. கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முகாமை ஏற்பாடு செய்த மக்கள்தொடர்பு அலுவலரிடம் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பரிசோதனைக் கருவிகளை அந்தக் கடைதான் இரவல் தந்ததாம். பதிலுக்கு, குறைபாடு உள்ளவர்களின் பெயரையும் போன் எண்ணையும் கேட்டார்களாம். கொடுத்துவிட்டார்.

"அதான் கையெழுத்து போட்டிருக்காங்களே!"

"பரிசோதனைக்குத்தானே சார் போட்டாங்க?"

"அவங்களுக்கு மிஷின் தேவைதானேம்மா? நல்லதுக்குத்தான குடுத்தோம்?"

கருவி அவருக்குத் தேவைதான். திரும்பிவந்து அக்காவிடமே கேட்டேன்.

"வேணுமா வேண்டாமான்னு எனக்கிட்டல்லா கேக்கணும்?" என்றார். "சோதனை பண்ணத்தான் செவியக் காட்டினேன். விக்கதுக்கா காட்டினேன்?"

எங்களிடம் அவரைப் பற்றி என்னென்ன இருக்கிறது, அதை யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிக் கொடுத்தேன். நடந்தது தவறு என்றும் அதில் எழுத நிர்வாகம் ஒப்புக்கொண்டது. படிக்கச் சொல்லிக் கேட்டவர், வயதைப் படித்த இடத்தில் நிறுத்தினார். பத்து வயது கூட்டிப் பதிந்திருந்தது.

"கெழவி ஆக்கிப்போட்டியளே!" என்று சிரித்தார். உடனே திருத்தினேன்.

"மொத்தத்தையும் அழிச்சிரு மக்களே."

மருத்துவப் பதிவை குறிப்பிட்ட காலம் வைத்திருக்கத்தான் வேண்டும், அதை அழிக்க முடியாது என்றேன். முகாம் பட்டியலில் இருந்து அவர் விவரத்தை நீக்கலாம். கடையிடமும் அழிக்கச் சொல்லலாம். சொன்னோம். அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. ஆனாலும் அந்தக் கடையின் வேறொரு கிளையிலிருந்து இன்னொரு அழைப்பு போனது. மறுபடியும் எழுதினோம். அதன்பிறகு நின்றது. பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கும் நடந்ததைத் தெரிவித்தோம். மகனுக்குத் தெரிந்துபோனதை மட்டும் எந்தக் கடிதத்தாலும் மாற்ற முடியவில்லை.

அக்கா ஏலத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. சில மாதம் கழித்து, காது மருத்துவரைப் பார்க்கத் தானாகவே வந்தார். அதற்குள் படிவத்தை மாற்றியிருந்தோம். சிகிச்சைக்கு ஒரு கட்டம், விளம்பரத் தகவலுக்குத் தனியாக இன்னொன்று. அவர் முதல் கட்டத்தில் மட்டும் டிக் போட்டார்.

"பொறவு மனசு மாறினா?"

"எப்ப வேணும்னாலும் மாத்தலாம் அக்கா. வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா போரும். விளம்பரம் வேண்டாம்னதுக்காக வைத்தியம் நிக்காது."

படிவத்தை என்னிடம் நீட்டினார். "எனக்க மொவன் வந்து ரிப்போர்ட்டு கேட்டா குடுப்பியளா?"

"நீங்க சம்மதிச்சா குடுப்போம்."

"அப்ப இப்ப குடுக்காண்டாம். டாக்டர் என்ன சொல்லுவாருன்னு நான் முதல்ல கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.