மூன்று தடவை தொடாத செருப்பு

சுமலதா பையைக் கொட்டி அழுக்குத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெறும் கணவன் சந்திரமோகனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேர்வாய் கண்டிகையிலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். பீரோ கதவில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துத்தான் பை கட்டுவாள். திரும்பியதும், எது இல்லாமல் கஷ்டப்பட்டார்கள், எது சும்மா போய்வந்தது என்று பார்த்து அதைத் திருத்துவாள். மூன்று தடவை தொடாத பொருளை அடித்துவிடுவாள். வலிப்பு மருந்துக்கு மட்டும் விலக்கு.

இம்முறை செருப்பின் முறை.

"இன்னா சுமா, அடிக்கப் போறியா?" கட்டிலிலிருந்து கேட்டான்.

"மூணு தடவையும் பையிலயேதான் இருந்துச்சு. வீல்சேர்லதான போனீங்க?"

"வலிப்பு மருந்தும் பையிலயேதான் கீது. அத்த மட்டும் உட்டு வெச்சிக்கிற?"

"அது வேணும்னா அந்த நிமிஷமே வேணும்."

"எனக்குத் திடீர்னு நடக்க வந்துச்சுன்னா?"

கால் இனி வராது என்று டாக்டர் அன்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் பேனாவை மூடினாள்.

மறுநாள் காலை அவன் பார்க்கவே செருப்பை அடித்தாள். வீல்சேரில் உட்கார்ந்தே அவன் இடுப்பு புண்ணாகியிருந்தது. அதனால் அதே வரியில் ரப்பர் மெத்தை என்று எழுதினாள். பிறகு மருந்து தடவ அவனைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.